பழைய லேப்டாப் பேட்டரி உண்மையில் எவ்வளவு தாங்கும்? முழுசா இறக்கிப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு சனிக்கிழமை மதியம் முடியும். முடிந்ததும் யாராவது ஒருவர் பழைய லேப்டாப்பை மேசையில் கொண்டுவந்து வைப்பார். லோட் ஷெடிங் கடுமையாக இருந்த 2022, 2023-இல் வாரத்துக்கு மூன்று நான்கு கூட வந்தன. இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று கரண்ட் போவது நின்றபாடில்லை. கேட்கப்படுவதெல்லாம் ஒரே விஷயம்தான்: இந்த பேட்டரியில் உண்மையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, புதுசு வாங்கணுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பேட்டரி ரிப்போர்ட்டிலேயே கொள்ளளவு போட்டிருக்கே அண்ணா, அப்புறம் எதுக்கு தனியா டெஸ்ட்?

அந்த ரிப்போர்ட்டை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லதுதான். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடித்தால் ஒரு பக்கம் உருவாகும்:

```
powercfg /batteryreport /output "%USERPROFILE%\battery.html"
```

அதில் DESIGN CAPACITY என்பது தொழிற்சாலையில் எழுதிய அளவு. FULL CHARGE CAPACITY என்பது இப்போது முழுசாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்ற கணிப்பு. கணிப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். பேட்டரிக்குள்ளே ஒரு சின்ன சிப் இருக்கிறது. உள்ளே போகிற மின்சாரத்தையும் வெளியே வருகிற மின்சாரத்தையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் தொட்டியின் அடி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமானால், நிரம்பிய நிலையிலிருந்து காலியாகும் வரை ஒரு முறையாவது தொடர்ந்து இறங்க வேண்டும்.

நம் வீடுகளில் லேப்டாப் எப்போதும் சார்ஜரிலேயே செருகிக் கிடக்கிறது. கரண்ட் போனால் கொஞ்சம் இறங்கும், வந்ததும் ஏறிவிடும். அடிவரை போவதே இல்லை. அதனால் சிப் பல வருஷத்துக்கு முந்தைய கணக்கையே வைத்துக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்கிறது. பழைய பேட்டரியில் அந்த எண் பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முழுசா இறக்கி, வெளியே வந்த மின்சாரத்தை நாமே கூட்டிப் பார்ப்பதுதான் நம்பக்கூடிய வழி.

வாட் அவர், மில்லி ஆம்ப் அவர்னு ரெண்டு இருக்கு. எதைப் பார்க்கணும்?

வாட் அவர். 10 வாட் இழுக்கிற லேப்டாப்பை 3 மணி நேரம் ஓட்டினால் 30 வாட் அவர் செலவு. கணக்கு நேராக இருக்கும். மில்லி ஆம்ப் அவர் மட்டும் எழுதியிருந்தால் பேட்டரி மேல் இருக்கிற வோல்ட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 10.8 வோல்ட், 4400 மில்லி ஆம்ப் அவர் என்றால் 10.8-ஐ 4.4-ஆல் பெருக்க 47.5 வாட் அவர். ரிப்போர்ட்டில் இதுவே 47,520 mWh என்று ஆயிரம் மடங்காக வரும்.

அந்த வோல்ட் இன்னொன்றையும் சொல்கிறது. 10.8, 11.1, 11.4 என்றால் உள்ளே மூன்று செல் வரிசையாகக் கோத்திருக்கிறது. 7.2 முதல் 7.7 வரை என்றால் இரண்டு, 14.4 முதல் 15.4 வரை என்றால் நான்கு. இது பிறகு எங்கே நிறுத்துவது என்று பார்க்கும்போது வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள்.

முழுசா இறக்கினா பேட்டரி கெட்டுப்போகும்னு சொல்றாங்களே?

அடிக்கடி செய்தால் தேயும் என்பது உண்மை. லித்தியம் பேட்டரிக்கு முழுசா இறங்கி ஏறுவதைவிட நடுவில் ஏறி இறங்குவதுதான் சுகம். அதனால் இதைச் சோதனையாக மட்டும் செய்யுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஒரு தடவை செய்வதால் ஆகிற தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கமும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: மூன்று நான்கு தடவை முழுசா இறக்கி ஏற்றினால் பேட்டரி பழையபடி ஆகிவிடும் என்று. அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்தில் போன கொள்ளளவு போனதுதான். இறக்கி ஏற்றுவதால் சரியாவது சிப்பின் கணக்கு மட்டுமே.

எந்த பேட்டரியை டெஸ்ட் பண்ணவே கூடாது?

உப்பியதை. டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, கீழ் மூடிக்கும் உடலுக்கும் நடுவே விரிசல் தெரிகிறதா, சமமான மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் சோதனை வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது, குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. மின்கழிவு எடுத்துக்கொள்கிற இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, இனிப்பான பெயிண்ட் தின்னர் மாதிரி வாடை வந்தாலோ அதே முடிவுதான். ஒரு ஆயாவின் லேப்டாப்பில் டச்பேட் கிளிக் ஆகவில்லை, அதைச் சரிசெய்யத்தான் கொண்டுவந்திருந்தார். திறந்து பார்த்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. பேட்டரியைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன மாத்தணும்?

நோக்கம் ஒன்றுதான்: ஆரம்பம் முதல் கடைசி வரை லேப்டாப் ஒரே அளவு மின்சாரத்தை இழுக்க வேண்டும், நடுவில் தூங்கிவிடக்கூடாது. திரை அணைவதையும் ஸ்லீப் போவதையும் பேட்டரி நிலைக்கு Never என்று வையுங்கள். பேட்டரி சேவரை நிறுத்துங்கள். இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். 20, 30 சதவீதத்தில் அது தானே எழுந்து திரையை மங்கலாக்கும், அத்துடன் சோதனையின் கடைசிப் பகுதி வேறு சோதனை ஆகிவிடும். வெளிச்சத்தை நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, தானாக மாறுவதையும் அணையுங்கள். ஏரோப்ளேன் மோட் போட்டால் அப்டேட் எதுவும் நடுவில் நுழையாது.

அடுத்து கண்ட்ரோல் பேனலில் Power Options, அதற்குள் advanced settings, அதில் Battery. Critical battery level என்பதை 2 அல்லது 3 சதவீதத்துக்கு இறக்கி, Critical battery action-ஐ Hibernate என்று வையுங்கள். இதனால் கடைசியில் அரை, ஒரு வாட் அவர் கணக்கில் விடுபடலாம், பரவாயில்லை. திறந்திருக்கிற வேலையெல்லாம் சேமித்து மூடிவிடுங்கள், முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதியும் எடுத்துவிடுங்கள். பழைய பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் அணையக்கூடும்.

சில லேப்டாப்பில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி ஒரு பாதுகாப்பு போட்டிருப்பார்கள். கம்பெனி கொடுத்த செயலியிலோ பயாஸிலோ அது இருக்கும். சோதனைக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

100 காட்டின உடனே வயரை உருவிடலாமா?

வேண்டாம், இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். 100 என்று எழுத்து வந்த பிறகும் கொஞ்ச நேரம் குறைந்த மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும். பேட்டரியும் சார்ஜ் ஏறிய சூட்டிலிருந்து ஆற வேண்டும். அவசரப்பட்டு உருவினால் ஒன்றிரண்டு வாட் அவர் குறைந்து வரும், அது பேட்டரியின் குற்றம் அல்ல.

லோடு எவ்வளவு வைக்கணும்? கேம் ஓட்டினா சீக்கிரம் முடிஞ்சிடுமே.

சீக்கிரம் முடியும், ஆனால் விடை தப்பாக வரும். வேகமாக இழுக்க இழுக்க பேட்டரிக்குள்ளேயே வோல்ட் அதிகமாக விழுகிறது. உள்ளே இன்னும் சரக்கு இருக்கும்போதே அணைந்துவிடும். மேலே எழுதியிருக்கிற கொள்ளளவு மெதுவாக இறக்கி அளந்தது. பொதுவாக ஐந்து மணி நேரத்தில் காலியாகிற வேகம். 47.5 வாட் அவர் பேட்டரிக்கு அது 9.5 வாட். நாமும் 10 வாட்டை ஒட்டி இழுத்தால்தான் எழுதியதோடு ஒப்பிட முடியும்.

நான் செய்வது: டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கிற ஒரு படத்தைச் சத்தம் இல்லாமல் முழுத்திரையில் திரும்பத் திரும்ப ஓட விடுவேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து 10 வாட் பக்கத்தில் கொண்டுவருவேன். 8 வந்தாலும் 12 வந்தாலும் சோதனை கெடாது, நடுவில் மாறாமல் இருந்தால் சரி. யூடியூப் வேண்டாம், வைஃபை விட்டு விட்டு இழுக்கும்.

வாட்ச்சைப் பார்த்து நேரத்தை எழுதினா போதாதா? எப்படிப் பதிவு பண்றது?

நேரம் மட்டும் போதாது. மூன்று மணி நேரம் ஓடியது என்றால் எத்தனை வாட்டில் ஓடியது என்று தெரிய வேண்டுமே. பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை ஒட்டுங்கள். 30 விநாடிக்கு ஒரு வரி எழுதும்:

```
while ($true) {
  $b = Get-CimInstance -Namespace root/wmi -ClassName BatteryStatus
  "$(Get-Date -Format s),$($b.DischargeRate),$($b.Voltage),$($b.RemainingCapacity)" |
    Add-Content "$HOME\battery.csv"
  Start-Sleep 30
}
```

ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம்: நேரம், அந்த நொடியில் இழுக்கும் மில்லி வாட், மில்லி வோல்ட், சிப் சொல்கிற மிச்சம். ஓட விட்ட பிறகுதான் சார்ஜர் வயரை உருவ வேண்டும். ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து கோப்பைத் திறந்து, இரண்டாவது எண் 0 இல்லாமல் 10,000 பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த இடத்தை விட்டு எழுந்திருங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் `/sys/class/power_supply/BAT0/power_now` கோப்பிலிருந்து இதையே எடுக்கலாம், அங்கே எண் மைக்ரோ வாட்டில் இருக்கும்.

சோதனை ஓடும்போது லேப்டாப் மேசை மேல், காற்றோட்டமாக இருக்கட்டும். மெத்தை மேல் வேண்டாம்.

எப்போ நிறுத்தணும்? அதுவா அணையுற வரைக்கும் விடலாமா?

விடலாம். ரொம்ப இறங்கினால் மின்சாரத்தை நிறுத்துகிற ஒரு காவல் சர்க்யூட் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது, லேப்டாப்பும் தானாக நிறுத்தும். இருந்தாலும் கடைசி அரை மணி நேரம் பக்கத்தில் இருங்கள். மூன்று செல் பேட்டரியில் வோல்ட் 9.0-க்குப் போய்விட்டும் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களே அணைத்துவிடுங்கள். செல் ஒன்றுக்கு 3 வோல்ட் என்பது கணக்கு, அதனால் இரண்டு செல்லுக்கு 6, நான்குக்கு 12.

கடைசிப் பகுதி வேகமாகப் போகும். மணிக்கணக்காக மெல்ல இறங்கிய வோல்ட், பத்து நிமிஷத்தில் மலை உச்சியிலிருந்து விழுகிற மாதிரி சரியும். அந்தச் சரிவு தெரிந்தால் உண்மையிலேயே அடியைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். சரிவே இல்லாமல், 10.8 வோல்ட்டில் அமைதியாக ஹைபர்னேட் ஆகிவிட்டால் அது அடி அல்ல. சிப் தவறாக 2 சதவீதம் என்று நினைத்து நிறுத்தியிருக்கிறது, பேட்டரியில் இன்னும் இருக்கிறது.

சரி, பதிவு கையில் இருக்கு. கணக்கு எப்படிப் போடுறது?

எக்ஸெல்லில் திறந்து இரண்டாவது நெடுவரிசையின் சராசரியை எடுங்கள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் அவர். சார்ஜர் செருகியிருந்தபோது எழுதிய வரிகளை முதலில் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் 0 எல்லாம் சராசரியைக் கீழே இழுக்கும்.

நான் முழுசாகப் பதிவு செய்த ஒன்றைச் சொல்கிறேன். வகுப்புக்கு வரும் ஒரு பையனின் லேப்டாப், பேட்டரி மேல் 10.8 வோல்ட் 4400 மில்லி ஆம்ப் அவர், அதாவது 47.5 வாட் அவர். பேட்டரி ரிப்போர்ட் 38.1 என்றது. எண்பது சதவீதம் இருக்கிறதே, நல்ல பேட்டரிதானே என்று அவன் அப்பா சொன்னார். இறக்கிப் பார்த்தோம். 12.5 வோல்ட்டில் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் 11.3, இரண்டு மணி நேரத்தில் 10.8. கடைசிப் பத்து நிமிஷத்தில் 10.3-இலிருந்து 9.6-க்கு விழுந்து அப்படியே அணைந்தது. சராசரி 10.4 வாட், ஓடியது 2 மணி 41 நிமிஷம், அதாவது 2.68 மணி. பெருக்கினால் 27.9 வாட் அவர். 47.5-இல் அது 59 சதவீதம். ரிப்போர்ட் சொன்ன எண்பதுக்கும் இதற்கும் பத்து வாட் அவர் வித்தியாசம், அந்த லேப்டாப்பில் அது ஒரு மணி நேர வேலை.

எங்க லேப்டாப் 27 சதவீதம் காட்டும்போதே பட்டுன்னு அணைஞ்சிடுச்சு. அந்த 27 எங்கே போச்சு?

மேலே சொன்ன அதே லேப்டாப்தான். அந்த 27 எப்போதுமே இருந்ததில்லை. சிப் 38.1 என்று நம்பியது, வெளியே வந்தது 27.9. மிச்சம் 10.2, அது 38.1-இல் 27 சதவீதம். திரையில் இருந்த எண் சிப்பின் பழைய நம்பிக்கையில் மீதி இருந்த பகுதி.

ஆனால் 9.6 வோல்ட்டில் அணைந்ததே, 9.0 வரை போகலாம் என்றீர்களே என்று ஒரு அக்கா சரியாகப் பிடித்தார். நாம் பார்ப்பது மூன்று செல்லின் கூட்டுத் தொகை. காவல் பார்ப்பது ஒவ்வொரு செல்லையும் தனியாக. மூன்றும் சமமாக இருந்தால் 9.6 என்பது தலைக்கு 3.2. ஒன்று மட்டும் நலிந்திருந்தால் 3.4, 3.4, 2.8 என்று இருக்கலாம், கூட்டினால் அதே 9.6. நலிந்தது எல்லையைத் தாண்டியதும் காவல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நல்ல செல் இரண்டிலும் இருக்கிற மீதி நமக்குக் கிடைக்காது. லேப்டாப்புக்குள் தனித்தனி செல் வோல்ட் பெரும்பாலும் தெரியாது. அதனால் கூட்டுத்தொகை உயரத்தில் இருக்கும்போதே திடீரென்று அணைவதுதான் நமக்குக் கிடைக்கிற தடயம். இப்படிப்பட்ட பேட்டரி இனி வேகமாகவே கீழே போகும். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு செல்தான் அடி வாங்குகிறது.

அணைஞ்ச பிறகு மறுபடி பட்டனை அமுக்கினா ரெண்டு நிமிஷம் ஓடுது. அதையும் சேர்த்துக் கூட்டணும்தானே?

கூடாது, அமுக்கவும் கூடாது. லோடு போனதும் வோல்ட் கொஞ்சம் மேலே எழும்பும், அதனால் உயிர் இருப்பது போலத் தெரியும். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் மேலே சொன்ன நலிந்த செல்லை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுகிறீர்கள். ரொம்ப ஆழம் போன செல்லை காவல் சார்ஜே ஏறவிடாமல் பூட்டிவிடலாம்.

அணைந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டு, அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அலமாரியில் வைத்தால் அதுவாகவே இன்னும் இறங்கும். இதனால்தான் சோதனைக்கு நாள் குறிக்கும்போது மின்தடை அட்டவணையையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்கிறேன்: இறக்குவதற்குக் கரண்ட் வேண்டாம், ஆனால் இறங்கி முடித்ததும் வேண்டும்.

டெஸ்டுக்கு முன்னாடி ரிப்போர்ட்ல 38 இருந்துச்சு, இப்போ 28 ஆயிடுச்சு. நீங்கதான் கெடுத்துட்டீங்க!

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் பேட்டரி மாறவில்லை. முதல் கேள்வியில் சொன்ன அந்தச் சிப் இப்போதுதான் அடியைப் பார்த்தது, தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. பையனின் லேப்டாப்பில் திரும்ப முழுசா ஏற்றிய பிறகு ரிப்போர்ட் 28.4 என்றது. நாம் கூட்டியது 27.9. இப்போதுதான் இரண்டும் ஒத்துப்போகின்றன. இனிமேல் 10 சதவீதம் என்று திரை சொன்னால் உண்மையிலேயே பத்தை ஒட்டி இருக்கும், பாதி வாக்கியத்தில் அணையாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் சில நாள் கழித்து இன்னொரு தடவை செய்யுங்கள். நாங்கள் செய்தபோது 27.4 வந்தது. இரண்டு சோதனைக்கு நடுவே இப்படி ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் இருப்பது சகஜம். பத்து சதவீதம் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு தடவை லோடு மாறியிருக்கிறது, பதிவைத் திறந்து பாருங்கள்.

என் லேப்டாப்ல இழுக்கிற வாட் 0-ன்னே எழுதுது. என்ன பண்றது?

சில பழைய மாடல்களில் அந்த எண் வெளியே வராது. அப்போது நான்காவது நெடுவரிசையைப் பயன்படுத்தலாம். ஆரம்பத்தில் இருந்த மிச்சத்திலிருந்து கடைசி வரியில் இருந்த மிச்சத்தைக் கழியுங்கள். பையனின் லேப்டாப்பில் 38.1-இலிருந்து 10.2 போக அதே 27.9. சிப்பின் மொத்தக் கணிப்பு தவறானாலும், எவ்வளவு வெளியே போனது என்ற எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகவே இருக்கும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. சில சிப்புகள் வோல்ட் தாழ்ந்ததும் பதறி, மிச்சத்தை 25 சதவீதத்திலிருந்து ஒரே வரியில் 6-க்குக் குதிக்க வைக்கும். அந்தக் குதி வெளியே வந்த மின்சாரம் அல்ல, கணக்குத் திருத்தம். 30 விநாடியில் 10 வாட் லேப்டாப் செலவழிப்பது 0.08 வாட் அவர்தான். எங்காவது ஒரே வரியில் மிச்சம் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இறங்கியிருந்தால் அந்த ஒரு வரியின் குறைவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சுவர் பிளக்கில் மாட்டுகிற மீட்டரை வைத்து, திரும்ப ஏற்றும்போது அளக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மலிவான மீட்டர் 0.01 யூனிட் படியில்தான் காட்டும், அது 10 வாட் அவர். 28-ஐ அளக்க அந்தப் படி ரொம்பப் பெரியது. சார்ஜர் சூடாக வீணாக்குவதும் அதில் சேர்ந்துவிடும்.

ஜோபர்க்ல லெனேசியாவில் இருக்கோம். ஜூலைல டெஸ்ட் பண்ணினா டர்பனைவிட கம்மியா வருது. ஏன்?

குளிர். ஹீட்டர் இல்லாத அறையில் ஜூலை இரவு பேட்டரி பத்து டிகிரியை ஒட்டிப் போய்விடும். குளிரில் செல்லுக்குள் வேதி மாற்றம் மந்தமாகி, வோல்ட் சீக்கிரம் விழுகிறது. எண் குறைந்து வரும், பேட்டரி தேய்ந்ததாக அர்த்தம் இல்லை. 20 முதல் 25 டிகிரி இருக்கிற அறையில், லேப்டாப்பை ஓரிரு மணி நேரம் அங்கே வைத்திருந்து பிறகு ஆரம்பியுங்கள்.

எங்கள் டர்பனில் பிப்ரவரிப் புழுக்கத்தில் அதற்கு நேர்மாறு. எண் கொஞ்சம் நன்றாகவே வரும், ஆனால் சூட்டில் எப்போதும் 100-இல் செருகி வைப்பதுதான் பேட்டரியை வேகமாகக் கிழவனாக்குகிறது. எனவே ஆறு மாத இடைவெளியில் செய்யும் இரண்டு சோதனைகளை ஒப்பிட வேண்டுமென்றால் அறை வெப்பத்தையும் கோப்பில் எழுதி வையுங்கள்.

புதுசா மலிவு பேட்டரி ஒண்ணு வாங்கினேன். ரிப்போர்ட்ல எப்பவும் 100 சதவீத ஆரோக்கியம்னுதான் வருது. நல்ல பேட்டரிதானே?

எப்போதும் 100 என்பதே என்னைச் சந்தேகப்பட வைக்கும். சில போலி பேட்டரிகளில் அந்தச் சிப் எதையும் கற்றுக்கொள்வதில்லை, மேலே ஒட்டிய எண்ணையே திருப்பிச் சொல்லும். நான் ஒரு கடையில் வாங்கியதில் 10.8 வோல்ட் 5200 மில்லி ஆம்ப் அவர் என்று போட்டிருந்தது, அதாவது 56 வாட் அவர். ரிப்போர்ட்டும் 56 என்றது. இறக்கிப் பார்த்தால் 34. கையில் பதிவு இருந்ததால் கடையில் வாதாட ஒரு ஆதாரம் கிடைத்தது, மாற்றியும் கொடுத்தார்கள்.

அதனால் புது பேட்டரியை வாங்கின முதல் வாரத்திலேயே இறக்கிப் பாருங்கள், மாற்றிக் கொடுக்கிற தவணை முடிவதற்குள். எழுதியதில் 90 சதவீதத்துக்கு மேல் வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அளவுகோல். இந்தச் சோதனையில் சிப்பின் மொத்தக் கணிப்பை நாம் பயன்படுத்துவதில்லை, அந்தந்த நொடி இழுக்கும் வாட்டைத்தான் கூட்டுகிறோம், அதனால்தான் போலியும் அகப்பட்டது. எண்ணிக்கையே பொய்யாக இருந்தால்? அதே லோடில் உங்கள் பழைய பேட்டரி ஓடிய நேரத்தோடு ஒப்பிடுங்கள், கடிகாரம் பொய் சொல்லாது.

எனக்கு வாட் அவர் எல்லாம் வேண்டாம் அண்ணா. கரண்ட் போற இரண்டரை மணி நேரம் தாங்குமா, தாங்காதா?

அதற்குத்தான் இத்தனையும். உங்கள் எண்ணை எடுத்து, நீங்கள் அப்போது செய்கிற வேலை எத்தனை வாட் இழுக்கிறதோ அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்டை மேலே கொடுத்த பதிவையே பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்க்கலாம். பையனுக்கு 27.9. பாடம் எழுதுவதும் படிப்பதும் 10.4 வாட் என்றால் 2 மணி 41 நிமிஷம், இரண்டரையை மயிரிழையில் தாண்டுகிறது. ஆனால் அவன் ஜூமில் டியூஷன் பார்ப்பான், கேமராவும் வைஃபையும் சேர்ந்து 17 வாட். வகுத்தால் 1 மணி 38 நிமிஷம் வருகிறது. லோடு பற்றிய கேள்வியில் சொன்னபடி வேகமாக இழுக்கும்போது அதுவும் முழுசாகக் கிடைக்காது, ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவன் அப்பா கேட்டுவிட்டு, இந்த வருஷம் டியூஷனைப் போனிலேயே பார்க்கட்டும், எழுதும் வேலைக்கு இந்த பேட்டரியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். நலிந்த செல் ஒன்று இருப்பதால் ஆறு மாதம் வேண்டாம், மூன்று மாதத்தில் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். 26-க்குக் கீழே போனால் எழுதும் வேலைக்கும் இரண்டரை மணி தாங்காது, அப்போது புது பேட்டரிதான்.